கடிகாரம் கட்டும் முன்னே அப்பாவைக் கேளுங்கள்

ஞாபகம் தவறிய பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று புறப்படுகிறாரா? எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பெரியவர் அப்படித்தான். கித்தாக் காடு போய்ச் செம்பனை வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் கால்கள் மட்டும் பழைய நிரையைத் தேடிப் போகும்.

மகன் ஒரு கடிகாரம் வாங்கி வந்தார். அதில் சிம் கார்டு உண்டு. பெரியவர் இருக்கும் இடத்தை மகனுடைய கைப்பேசியில் காட்டும். "அப்பாகிட்ட சொல்ல வேணாம் டிரெசர், சும்மா கடிகாரம்னு கட்டிவிடலாம்" என்றார். நான் ஒப்பவில்லை. மறதி வந்தவருக்கும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியும்.

காலைப் பசியாறிய பிறகு, புத்தி தெளிவாக உள்ள நேரத்தில் உட்கார்ந்து பேசினோம். "அப்பா, இதைக் கட்டினா நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கட்டலாமா?" பெரியவர் யோசித்தார். "நான் ஒட்டுக்கடைக்குப் போறதை எல்லாம் பார்ப்பியா?" நியாயமான கேள்விதானே! மகனும் மருமகளும் மட்டுமே பார்ப்பது, அதுவும் எச்சரிக்கை வந்தால்தான் பார்ப்பது என்று பேசி முடித்தோம். இன்று சொன்ன சம்மதம் நாளை மறந்து போகும். ஆகவே கட்டும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாரைப் பிடித்து இழுத்தால் அதுவும் ஒரு பதில்தான். கழற்றிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு வட்டம். அதைத் தாண்டினால் கைப்பேசி ஒலிக்கும். மகன் வீட்டை நடுவில் வைத்து 50 மீட்டர் போட்டார். தகரக் கூரைக்குக் கீழே கடிகாரம் இடத்தைத் தப்பாகக் காட்டும். தாத்தா தூங்குகிறார், கைப்பேசியோ இரவெல்லாம் அலறுகிறது! பிறகு 300 மீட்டர் ஆக்கினார். வீட்டுக்குப் பின்னால் 120 மீட்டரில் இருக்கும் குளமும் வட்டத்துக்குள் வந்துவிட்டது. அங்கே போனால் சத்தமே வராது. கோயில் வீட்டுக்கு முன்னால் 250 மீட்டர். கடைசியில் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுப்பாதியில் மையம் வைத்து, 200 மீட்டர் போட்டோம். வீடும் கோயிலும் உள்ளே, குளம் வெளியே.

அதோடு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். இந்தக் கடிகாரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறைதான் இடம் சொல்கிறது. ஐந்து நிமிஷத்தில் தாத்தா குளத்தையே அடைந்துவிடுவார். அதனால் பின்கதவில் ஒரு மணியும் கட்டினோம். செம்பனைக்குள் லைன் கிடைக்காத இடத்தில் கைப்பேசி பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அரை மணிக்கு முந்தியது என்றால் ஆள் அங்கே இல்லாமல் இருக்கலாம். தேடலை அங்கிருந்து தொடங்கி, அவருடைய பழைய வேலைக்காட்டுப் பக்கம் போங்கள். ஆள் கிடைக்கவில்லையா, 24 மணி நேரம் காத்திருக்காமல் உடனே 999 கூப்பிடுங்கள்.

பேட்டரிக்கு, அவர் மாலையில் குளிக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். இரவில் கழற்றி வைத்தால் விடியற்காலை நாலு மணிக்கு வெறுங்கையோடு போய்விடுவார்.