டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரத்தசோகை ஏன்? ஊசியுடன் இரும்புச்சத்தும் தேவை

ஜோர்ஜ்டவுன், லிட்டில் இந்தியா கடைகளில் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தாராளமாகக் கிடைக்கும். இரத்தம் குறைந்தால் இவற்றைச் சாப்பிடச் சொல்வது நம் வீடுகளின் வழக்கம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இந்த யோசனை ஆபத்தாக முடியலாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இரத்தத்தில் சேர்ந்தால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

இவர்களுக்கு வரும் சோகைக்கு உணவுக் குறைபாடு முதன்மைக் காரணம் அல்ல. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உருவாக எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் வேண்டும். அதைப் பெருமளவு சுரப்பது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானால் சுரப்பு குறைகிறது. மஜ்ஜை நன்றாக இருந்தும் வேலை மந்தமாகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் எந்நேரமும் களைப்பாக இருப்பதும் இதனால்தான்.

1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செயற்கை எரித்ரோபொய்ட்டின் ஊசி இந்தக் குறையை ஈடுசெய்கிறது. அதற்கு முன்பு பலர் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் ஊசி மட்டும் போதாது. ஹார்மோன் கட்டளை இடும். சிவப்பணுவைச் செய்ய இரும்புச்சத்து இருக்க வேண்டும். டயாலிசிஸ் குழாய்களில் ஒவ்வொரு முறையும் சிறிது இரத்தம் தங்கிவிடுவதால் இரும்பு கரைந்துகொண்டே போகிறது. சிறுநீரக நோயில் அதிகரிக்கும் ஹெப்சிடின் என்ற பொருள், குடல் இரும்பை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. அதனால்தான் மாத்திரையை விட, டயாலிசிஸ் நேரத்திலேயே இரத்தத்தில் செலுத்தும் இரும்பு நன்றாகப் பலன் தருகிறது.

எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் 8.6. வாரம் மூன்று முறை 4,000 யூனிட் ஊசி போட்டும் ஒரு மாதம் கழித்து 8.7தான். இப்போது ஊசியின் அளவைக் கூட்டுவதற்கு முன் இரும்பைச் சோதிக்க வேண்டும். அவருக்கு ஃபெரிட்டின் 120, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 15 விழுக்காடு. டயாலிசிஸ் நோயாளிக்கு இவை குறைவு. எனவே 100 மில்லிகிராம் இரும்பு சுக்ரோஸ் வீதம் பத்து டயாலிசிஸ்களில் 1,000 மில்லிகிராம் செலுத்துவார்கள். அதன் பிறகு அதே ஊசி வேலை செய்யத் தொடங்கும்.

இரும்பு போதுமான அளவு இருந்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் கிருமித்தொற்று, வயிற்றில் இரத்தக் கசிவு, போதாத டயாலிசிஸ் ஆகியவற்றை மருத்துவர் தேடுவார். கிருமித்தொற்று தீவிரமாக உள்ளபோது இரும்பு செலுத்த மாட்டார்கள்.

ஹீமோகுளோபினை 13க்கு மேல் ஏற்றுவதும் கூடாது. இரத்த அழுத்தம் உயரலாம். கையிலுள்ள ஃபிஸ்டுலா அடைபடலாம். பக்கவாத ஆபத்தும் கூடும். பொதுவாக 10 முதல் 11.5 வரை இருந்தால் போதும். மாதாந்திர இரத்தப் பரிசோதனை முடிவில் ஹீமோகுளோபினை மட்டும் பார்க்காமல், கடைசியாக ஃபெரிட்டின் எப்போது பார்க்கப்பட்டது என்றும் நோயாளிகள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.