நன்றியுரையில் எதை வெட்டுவது?

கல்லூரி ஆண்டு விழாவில் நன்றியுரை வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். கூட்டத்தின் கண் சாப்பாட்டுக் கூடத்தின் மேல். மூன்று நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

முதல் பிரதியில் பாதியைத் தின்பது சிறப்பு விருந்தினரின் பட்டங்களும் பதவிகளும். அறிமுக உரையில் அவையெல்லாம் சொல்லியாகிவிட்டது. வெட்டுங்கள். "மாணவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள் ஐயா" என்று அன்று நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். ஒவ்வொரு பெயருக்கும் 'மனமார்ந்த நன்றி' ஒட்டாமல், பெயர்களை அடுக்கி முடிவில் ஒரே நன்றி சொல்லலாம்.

விடுபட்டவரைப் பிடிக்க அழைப்பிதழ் மட்டும் போதாது. அதில் மேடைக்காரர்களே இருப்பார்கள். வாசல் கோலம் முதல் கை கழுவும் இடம் வரை மனதுக்குள் நடந்து பாருங்கள்: ஒலிபெருக்கி, மின்பணியாளர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், சமையல், துப்புரவு. இவர்களைக் குழுவாகச் சொல்லுங்கள். ஐந்து பேர் உள்ள குழுவில் இருவர் பெயரை மட்டும் சொன்னால் மற்ற மூவர் முகம் வாடும்.

தாளில் இரண்டு வரி காலியாக விடுங்கள். தாளாளர் வராமல் அவர் மகன் வந்திருக்கலாம். மேடையேறுமுன் முதல்வரின் உதவியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.