ஒரே தரம், வேறு சம்பளம்

2023 செப்டம்பர் 5 அன்று பர்மிங்காம் மாநகராட்சி, அத்தியாவசியப் பணிகளைத் தவிர வேறு எதற்கும் புதிதாகச் செலவு செய்ய முடியாது என்று அறிவித்தது. இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரம் அது. இந்த நிலைக்கு வந்ததற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கி. அது 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்று மாநகராட்சியே கணக்கிட்டது. அந்த மதிப்பீடு மிகை என்று பின்னர் பலர் வாதாடினார்கள். ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இதே வகைக் கோரிக்கைகளுக்காக ஏறத்தாழ 110 கோடி பவுண்டை அது ஏற்கெனவே கொடுத்திருந்தது.

இத்தனைக்கும் அந்தப் பெண்களின் அடிப்படைச் சம்பளம் குறைவாக இல்லை. சமையல் செய்தவர்கள், துப்புரவு செய்தவர்கள், முதியோரைப் பராமரித்தவர்கள் ஆகியோர் ஒரு பக்கம். குப்பை சேகரித்தவர்கள், தெரு கூட்டியவர்கள், கல்லறைக் குழி தோண்டியவர்கள் மறுபக்கம். முதல் வகை வேலைகளில் பெரும்பாலும் பெண்கள், இரண்டாவதில் பெரும்பாலும் ஆண்கள். இரு தரப்பு வேலைகளும் ஒரே சம்பளத் தரத்தில்தான் இருந்தன. வித்தியாசம் ஊக்கத்தொகையில் இருந்தது. ஆண்களின் வேலைகளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 160 சதவீதம் வரைகூட ஊக்கத்தொகை கிடைத்தது. பெண்களின் வேலைகளுக்கு அப்படி ஒரு திட்டமே கிடையாது. 2010இல் தொழில் தீர்ப்பாயம் 4,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சமையலும் குழி தோண்டுவதும் எப்படிச் சமமாகும் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது பழைய கோரிக்கை. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பது அதைத் தாண்டியது. வேலைகள் வேறு வேறாக இருக்கலாம். அவை ஊழியரிடம் கேட்பதன் அளவு ஒன்றாக இருந்தால் ஊதியமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்டனின் உள்ளாட்சிகள் பயன்படுத்தும் பணி மதிப்பீட்டு முறை ஒன்றில் 13 கூறுகள் உண்டு. அறிவு, கைத்திறன், உடலுழைப்பு, பிறர் மீதான பொறுப்பு, பணிச்சூழல் போன்றவற்றோடு, மனத்தை வாட்டும் சூழல்களைத் தாங்குவதும் அதில் ஒரு கூறு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறார்கள். மறதி நோயுள்ள முதியவரைக் குளிப்பாட்டுபவரின் மனச்சுமைக்குப் புள்ளி உண்டு என்று ஒப்புக்கொண்ட உடனே, பல பெண்களின் வேலைகள் பட்டியலில் மேலேறிவிடும். மூட்டை தூக்கும் பலத்துக்கு மட்டும் புள்ளி வைத்த பழைய முறைகளில் அவை கீழே கிடந்தன.

இப்படிச் சம மதிப்புள்ள வேலைகளைக் குழுக்களாகப் பிரித்த பிறகுதான் ஊதியச் சமத்துவத் தணிக்கை தொடங்குகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கீழ்நிலையில் 10 ஆண்கள், 20 பெண்கள். மேல்நிலையில் 10 ஆண்கள், 5 பெண்கள். கீழ்நிலை ஆண்களின் சராசரிச் சம்பளம் 30,000 ரூபாய், பெண்களுக்கு 28,500. மேல்நிலையில் 50,000, பெண்களுக்கு 48,000. மொத்தமாகப் பார்த்தால் ஆண்களின் சராசரி 40,000, பெண்களின் சராசரி 32,400. இடைவெளி 19 சதவீதம். ஆனால் ஒவ்வொரு நிலைக்குள்ளும் பார்த்தால் அது நான்கு, ஐந்து சதவீதம்தான். மீதி, பெண்கள் பெரும்பாலும் கீழ்நிலையில் இருப்பதால் வருவது. பதவி உயர்வு ஏன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது தனிக் கேள்வி; அதையும் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது கீழ்நிலையின் 1,500 ரூபாயை மட்டும் பிடித்துக்கொள்கிறார் தணிக்கையாளர். அங்கே ஆண்கள் சராசரியாக இரண்டு ஆண்டு மூத்தவர்கள். ஓர் ஆண்டுக்கு 200 ரூபாய் ஊதிய உயர்வு என்றால் 400 ரூபாய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது. மிச்சம் 1,100 ரூபாய்க்கு ஆவணங்களில் எந்தக் காரணமும் இல்லை. இதுதான் விளக்கமில்லாத இடைவெளி. ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதே வேலையைப் புள்ளியியல் சமன்பாடு ஒன்றைக் கொண்டு செய்வார்கள்: பணிக்காலம், இரவு ஷிப்ட், தகுதி ஆகியவற்றின்படி ஒருவருக்கு எவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்று கணித்து, உண்மையில் வாங்குவதோடு ஒப்பிடுவார்கள். சிறிய குழுவில் சமன்பாடு உதவாது. மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள் என்றால் ஒருவரின் சம்பளமே சராசரியைப் புரட்டிவிடும். அங்கே கோப்புகளைப் பிரித்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. படித்தால் பெரும்பாலும் கிடைப்பது, வேலைக்குச் சேர்ந்த நாளில் போட்ட சம்பளம். முந்தைய இடத்தில் என்ன வாங்கினாய் என்று கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அங்கே குறைவாக வாங்கிய பெண், இங்கேயும் ஆயுள் முழுக்கக் குறைவாக வாங்குவாள்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் கவலைப்பட வேண்டும்? பிரிட்டனின் சமத்துவ ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, 5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆராய வேண்டும். ஒரே தரப்புக்குத் தொடர்ந்து பாதகமாக இருந்தால் 3 சதவீதத்திலேயே ஆராய வேண்டும்.

தணிக்கையின் உண்மையான ஆபத்து கணக்குப் பிழை அல்ல, காரணங்களை அப்படியே நம்பிவிடுவது. பர்மிங்காமின் சம்பளப் பட்டியலைச் சமன்பாட்டில் போட்டு, ஊக்கத்தொகைத் திட்டத்தில் சேர்ந்தவரா இல்லையா என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்திருந்தால், இடைவெளி ஏறக்குறைய மறைந்தே போயிருக்கும். எல்லாம் விளக்கப்பட்டது என்று அறிக்கை வந்திருக்கும். ஆனால் அந்தத் திட்டத்தின் கதவு ஆண்களின் வேலைகளுக்கு மட்டும் திறந்திருந்தது. காரணமே பாகுபாடாக இருந்தது. மேலதிகாரி போடும் செயல்திறன் மதிப்பெண்ணுக்கும், பதவித் தரத்துக்கும் இதே சந்தேகம் பொருந்தும். ஆகவே நல்ல தணிக்கையாளர் ஒவ்வொரு படியையும் தனியாக எடுத்துக் கேட்பார்: இது எதற்காகத் தரப்படுகிறது, அந்த நோக்கம் இன்றும் உண்மையா, இதைப் பெற யாருக்கு வாய்ப்பு இருக்கிறது?

சம்பளச் சீட்டிலேயே தெரியாத சலுகைகளும் உண்டு. பர்மிங்காமில் குப்பை வண்டிப் பணியாளர்கள் தங்கள் சுற்றை முடித்ததும் வீட்டுக்குப் போகலாம், முழு நேரச் சம்பளம் உண்டு என்ற வழக்கமும் சர்ச்சையானது. வேலை முடிந்தால் கிளம்பலாம் என்ற அந்தச் சலுகை பராமரிப்புப் பணியில் இருந்த பெண்களுக்கு இல்லை. சீட்டில் தொகை ஒன்றாக இருந்தாலும், உண்மையில் உழைத்த ஒரு மணி நேரத்துக்கு வந்த கூலி ஒன்றல்ல.

நம் நாட்டில் சட்டம் இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது. சம மதிப்பு என்பதை ஏற்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958லேயே ஏற்றது. ஆனால் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் பேசியதும், 2019 ஊதியத் தொகுப்புச் சட்டம் பேசுவதும் ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை பற்றித்தான். அதற்குள்ளும் நீதிமன்றம் ஒரு முக்கியமான கதவைத் திறந்தது. 1987இல் ஆட்ரி டி’கோஸ்டா வழக்கில், பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்த கப்பல் நிறுவனம், அவர்களை மூத்த அதிகாரிகளுக்கான தனிப் பிரிவு என்றது. தொழிற்சங்க ஒப்பந்தத்தைக் காட்டியது. பணமில்லை என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. ஆனால் மருத்துவமனைச் சமையலறைப் பெண்ணின் வேலையை அங்குள்ள ஆண் எலக்ட்ரீஷியனின் வேலையோடு எடைபோட்டுப் பார்க்க அந்தச் சட்டச் சொற்கள் இடம் தருவது கடினம். ஒத்த தன்மை என்ற சொல்லோடு சம மதிப்பு என்ற சொல்லையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் தொழிற்சங்கத்திலோ மனிதவளப் பிரிவிலோ இருந்தால், அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன் ஒவ்வொரு படியையும் ஊக்கத்தொகையையும் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் வாங்குகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.