இடிவதற்கு முன் நிற்க வேண்டிய சுவர்

இரும்புக் குண்டு மோதிச் செங்கல் சுவர் சரியும் காட்சியைக் கணினியில் உருவாக்க, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளே போதும். துண்டுகள் எப்படி விழும், எப்படி மோதும் என்று அதற்குள் கணக்கிடுவது புல்லட் என்ற இயற்பியல் நிரல். அதை உருவாக்கிய எர்வின் கூமன்ஸுக்கு 2015-இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது.

புதிதாக முயல்பவருக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நேரும். குண்டு வந்து சேரும் முன்பே சுவர் வெடித்துச் சிதறும். அல்லது விழுந்த கற்கள் தரையில் ஓயாமல் நடுங்கும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. எது எப்போது நிகழ்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். ஒரு கனசதுரத்தை இழுத்து நீட்டி இதைச் செய்திருந்தால், முதல் வேலை Ctrl+A அழுத்தி Scale-ஐ நிலைப்படுத்துவது. அடுத்து Cell Fracture. இது வழக்கமாகப் பொருளின் முனைகளையே விதைப்புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு முனைகள் 8தான். ஆகவே உச்சவரம்பு 100 என்று இருந்தாலும் 8 துண்டுகளே கிடைக்கும். சுவரின் உட்பகுதி முழுவதும் 100 துகள்களைத் தூவி, Own Particles என்பதைத் தேர்ந்தால் ஒழுங்கற்ற, நம்பத்தகுந்த உடைவு வரும். சுவரின் கன அளவு 2 கன மீட்டர் என்பதால், ஒரு துண்டு சராசரியாக 27 சென்டிமீட்டர் கனசதுரத்தின் அளவில் இருக்கும். மூலச் சுவர் அதே இடத்தில் அப்படியே நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. அதற்கும் இயற்பியல் பண்பு கொடுத்திருந்தால், துண்டுகள் அதற்குள்ளேயே புதைந்திருப்பதாகக் கணினி எண்ணி அவற்றை வெளியே உதைத்துத் தள்ளும்.

முதல் சட்டத்திலேயே சுவர் வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊடுருவல்தான். நம் கண் பார்க்கும் வடிவத்தைக் கணினி மோதவிடுவதில்லை. அதற்கென்று தனியாக ஒரு மோதல் வடிவம் உண்டு. துண்டுகளுக்கு ஏற்றது Convex Hull. தேங்காய்க் கீற்றின் மேல் துணியை இறுக்கிக் கட்டினால் உட்குழிவு மறைந்துபோவதுபோல, இந்த வடிவம் பள்ளங்களை மூடிவிடும். திண்மையான பெட்டியை உடைத்த துண்டுகளில் குழிவு இராது, எனவே தொல்லை இல்லை. ஜன்னல் திறப்புள்ள சுவரில் திறப்பின் மூலையைச் சுற்றி வளையும் துண்டு, பக்கத்துத் துண்டின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அத்தகைய துண்டை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டிவிட வேண்டும்.

இதே இடத்தில் Collision Margin என்ற ஒரு கட்டமும் உண்டு. அதில் குறியிடாமல் விட்டால், பிளெண்டர் 4 சென்டிமீட்டர் விளிம்பை முடிந்தவரை வடிவத்துக்கு உள்ளேயே அடக்கிக்கொள்ளும். குறியிட்டு 0.04 என்றே விட்டால் விளிம்பு வெளியே நீளும். ஒட்டி நிற்கும் இரு துண்டுகள் 8 சென்டிமீட்டர் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். சுவர் வெடிக்க அது ஒன்றே போதும். விளிம்பை உள்ளடக்க இடமில்லாத சிறு சில்லுகளும் உண்டு. விளிம்பற்ற அவைதான் முதலில் நடுங்கத் தொடங்கும். அவற்றைப் பக்கத்துத் துண்டோடு சேருங்கள், அல்லது நீக்கிவிடுங்கள்.

விழுந்த பின் வரும் நடுக்கத்துக்கு வேர் எடையிலும் நேரத்திலும் இருக்கிறது. தொடக்கத்தில் எல்லாத் துண்டுக்கும் எடை 1 கிலோதான். Calculate Mass கொண்டு கன மீட்டருக்கு 2000 கிலோ என்ற அடர்த்தியைக் கொடுத்தால், சராசரித் துண்டு 40 கிலோ ஆகும். ஆனால் சில்லின் மேல் பாறை உட்காரும்படி விடக் கூடாது. எடை வேற்றுமை பெரிதானால் கணக்கு சமநிலைக்கு வராமல் தள்ளாடும். நொடிக்கு 24 சட்டங்கள், சட்டத்துக்கு 10 உட்படிகள் என்றால் நொடிக்கு 240 கணக்குகள் நடக்கும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் குண்டு ஒரு படியில் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். 20 சென்டிமீட்டர் சுவருக்கு இது போதும். கற்குவியல் அடங்க மறுத்தால் உட்படியை 20 ஆக்கிப் பாருங்கள். தரை தடிமனான பலகையாகவும், அதன் வடிவம் Box ஆகவும் இருக்கட்டும்.

Deactivation-ஐயும் Start Deactivated-ஐயும் இயக்கினால், ஏதேனும் தொடும்வரை துண்டுகள் உறங்கிக் கிடக்கும். பயனுள்ள வசதிதான், ஆனால் நோயை மறைக்கவும் செய்யும். உறங்கும் துண்டு, கீழே தாங்கியது போன பின்னும் சில நேரம் அந்தரத்தில் தொங்கும்.

ஆகவே அதை இயக்கும் முன், குண்டை நீக்கிவிட்டு 100 சட்டங்கள் ஓடவிடுங்கள். வெறும் புவியீர்ப்பில் சுவர் அசையாமல் நின்றால் மட்டுமே குண்டைச் சேருங்கள்.