ஸ்கேனர் காட்டும் அடுத்த அலமாரி

01-06-C. கிடங்கில் பொருள் எடுப்பவரின் கை ஸ்கேனரில் இப்படி ஓர் எண் வந்து நிற்கும். முதல் சந்து, ஆறாவது அலமாரி, கீழிருந்து மூன்றாவது தட்டு என்று அர்த்தம். அவரை பிக்கர் என்பார்கள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போய், முதலில் தட்டில் ஒட்டியிருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்கிறார். இடம் சரியாக இருந்தால்தான் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் திரையில் வரும். அரை கிலோ பாக்கெட்டுக்குப் பக்கத்துத் தட்டிலேயே அதே நிறத்தில் ஒரு கிலோ பாக்கெட் இருக்கும். அவசரத்தில் கை மாறிப்போகும். அதனால்தான் இடத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று இரண்டு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். எண்ணிக்கையை அழுத்தியதும் அடுத்த இடம் வந்துவிடும்.

அந்த அடுத்த இடத்தை யார் முடிவு செய்கிறார்கள்? ஆட்கள் நடந்து பொருள் எடுக்கும் கிடங்குகளில் பிக்கரின் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே போகிறது என்பது இத்துறைப் பாடநூல்கள் தரும் கணக்கு. ஆகவே ஒரு ஷிஃப்டில் எத்தனை ஆர்டர் முடியும், மாலையில் கால் எவ்வளவு வலிக்கும் என்ற இரண்டுமே இந்த வரிசையைப் பொறுத்தவை.

பல கிடங்குகளில் இதற்குப் பின்னால் பெரிய கணக்கு எதுவும் கிடையாது. மென்பொருளை நிறுவும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும், அதிலுள்ள பொருள்கள் இருக்கும் தட்டுகளை அந்த எண்படி அடுக்கி ஒவ்வொன்றாக ஸ்கேனருக்கு அனுப்புகிறது மென்பொருள். எண்களை வளைந்து வளைந்து கொடுப்பது வழக்கம். ஒற்றைப்படைச் சந்துகளில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஏறும். இரட்டைப்படைச் சந்துகளில் பின்னாலிருந்து முன்னால் இறங்கும். முதல் சந்தில் போனவர் இரண்டாவது சந்தில் திரும்பி வந்து, மூன்றாவதில் மறுபடி உள்ளே போவார். எல்லாச் சந்துகளிலும் எடுக்க ஏதாவது இருக்கும்வரை இது அருமையாக வேலை செய்யும்.

இடையில் ஒரு சந்து விட்டுப்போனால்தான் சிக்கல். ஒரு சிறிய கிடங்கை வைத்துப் பார்ப்போம். ஐந்து சந்துகள், ஒவ்வொன்றும் 30 மீட்டர் நீளம். ஓர் அலமாரிக்கு ஒரு மீட்டர் அகலம் என்பதால் அலமாரி எண்ணும் முன்பக்கத்திலிருந்து உள்ள தூரமும் ஒன்றே. ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு 4 மீட்டர். முன்னாலும் பின்னாலும் குறுக்குப் பாதை உண்டு. பேக்கிங் மேசை முதல் சந்தின் வாயில். ஆர்டரில் ஆறு பொருள்கள்: 01-06, 01-22, 03-05, 04-27, 05-04, 05-08. இரண்டாவது சந்தில் ஒன்றுமில்லை.

வரிசை எண்படி போனால் முதல் சந்தில் 22 வரை உள்ளே போகிறார். அடுத்தது மூன்றாவது சந்தின் ஐந்தாவது அலமாரி. வந்த வழியே முன்னால் திரும்பி வந்துதான் அதைப் பிடிக்க முடியும். பிறகு நான்காவது சந்தில் 27. பின்பக்கமாகச் சுற்றிப் போகிறார். அதன் பின் ஐந்தாவது சந்தில் 4, 8. பின்னாலிருந்து நுழைந்து எட்டைத் தாண்டி நான்குக்கு வந்து, மறுபடி எட்டுக்குத் திரும்புகிறார். மேசைக்கு வந்து சேரும்போது 150 மீட்டர் நடந்திருப்பார். திரையை நம்பாமல், பொருள் உள்ள ஒவ்வொரு சந்தையும் முழுக்கக் கடந்து வளைந்து வந்தாலும் 152 மீட்டர் ஆகிவிடும்.

குறைந்த நடை வேறு மாதிரி இருக்கிறது. முதல் சந்தில் இரண்டையும் எடுத்துக்கொண்டே பின்பக்கம் வெளியேற வேண்டும். பின்பாதையில் நடந்து, நான்காவது சந்தில் மூன்று மீட்டர் மட்டும் உள்ளே போய் 27ஐ எடுத்துக்கொண்டு அதே பக்கம் திரும்ப வேண்டும். ஐந்தாவது சந்தை முழுக்கக் கடந்து 8, 4 என்று எடுத்தபடி முன்னால் வர வேண்டும். மேசைக்குத் திரும்பும் வழியில் மூன்றாவது சந்தில் ஐந்து மீட்டர் உள்ளே போய் வந்தால் வேலை முடிந்தது. மொத்தம் 108 மீட்டர். ஓர் ஆர்டருக்கு 42 மீட்டர் மிச்சம்.

பல இடங்களைத் தொட்டுத் திரும்பும் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது கணிதத்தில் பேர்போன கடினக் கேள்வி. ஆனால் கிடங்கின் சந்துகள் இணையாக இருப்பதால் விஷயம் எளிதாகிவிடுகிறது. ஒரு சந்தை முழுக்கக் கடப்பது, முன்னாலிருந்து போய்த் திரும்புவது, பின்னாலிருந்து போய்த் திரும்புவது, நடுவில் பெரிய இடைவெளியை விட்டு இரு பக்கமும் தொடுவது என்று ஒவ்வொரு சந்திலும் சில வாய்ப்புகள்தான் உண்டு. இதைப் பயன்படுத்தி, இரண்டு குறுக்குப் பாதைகள் உள்ள கிடங்குக்கு மிகக் குறுகிய வழியையே தரும் முறையை 1983இல் டொனால்ட் ராட்லிஃப், ஆர்னான் ரோசென்தால் இருவரும் வெளியிட்டார்கள். சந்துகள் கூடினாலும் கணக்கு அதே விகிதத்தில்தான் கூடும். ஆகவே கணினிக்கு இது பெரிய பாரம் இல்லை.

தடை மனிதர்களிடம் வருகிறது. முதல் சந்து முடிந்ததும் திரை நான்காவது சந்தைக் காட்டும், பிறகு ஐந்து, கடைசியில் மூன்று. "அண்ணே, மூணாவதை விட்டுட்டு நாலுக்குப் போகச் சொல்லுது, கன்னு ஏதோ தப்பாக் காட்டுது" என்று சூப்பர்வைசரிடம் வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திரையில் தெரிவது ஒரே ஓர் இடம்; மொத்த வழியைப் பார்க்க முடிவதில்லை. அதனால் சிலர் அந்த வேலையைத் தள்ளிவைத்து மூன்றாவது சந்துக்கே முதலில் போய்விடுகிறார்கள். போட்ட கணக்கு அத்தோடு கலைந்துபோகிறது. அடுத்த மூன்று இடங்களையாவது திரையில் சேர்த்துக் காட்டுவது இதற்கு நல்ல மருந்து என்பது என் கருத்து.

எடையையும் பார்க்க வேண்டும். கடைசியில் எடுக்கும் 03-05 ஐந்து லிட்டர் எண்ணெய் கேனாக இருந்தால், அது பிஸ்கட் பாக்கெட்டுகளின் மேல் ஏறும். கனமானது முதலில், நொறுங்குவது கடைசியில் என்பதால்தான் பல கிடங்குகள் குறுகிய வழியைக் கைவிடுகின்றன. நம் ஆர்டரில் அப்படிக் கைவிடத் தேவையில்லை. தொடங்கிய மேசையிலேயே முடியும் சுற்று இது. எதிர்த்திசையில் நடந்தால் எண்ணெய் கேன் முதலில் வரும், தூரம் அதே 108 மீட்டர்தான். ஆனால் சந்துகளில் ஒருவழிப் போக்குவரத்து விதி இருந்தால் இப்படித் திருப்ப முடியாமல் போகலாம்.

வழி கெடுவதற்கு அல்பக் காரணங்களும் உண்டு. அலமாரி எண்ணை 06 என்று எழுதாமல் வெறும் 6 என்று பதிந்திருந்தால், அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் 10, 11, 12 எல்லாவற்றையும் 2க்கு முன்னால் அடுக்கிவிடும். பிக்கர் அதே சந்தில் முன்னும் பின்னும் அலைவார். புதிதாகப் போட்ட ரேக்குக்கு வரிசை எண் கொடுக்க மறந்திருந்தால், ஏற்கெனவே முடித்த சந்து பட்டியலின் கடைசியில் மீண்டும் வரும். தட்டில் சரக்கு குறைந்து, மீதியை வேறு தட்டிலிருந்து எடுக்கச் சொல்லும்போதும் பல மென்பொருள்கள் அந்த வேலையைப் பட்டியலின் அடியில்தான் சேர்க்கின்றன. பிக்கர் நிற்கும் இடத்திலிருந்து புதிதாகக் கணக்குப் போட்டால் ஒருவேளை அது பக்கத்துச் சந்திலேயே முடிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நேரம் பதிவாகிறது. பக்கத்துப் பக்கத்து அலமாரிகளுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் போயிருந்தால் அங்கே பொருளைத் தேடியிருக்கிறார்கள், அல்லது வழியில் நெரிசல். தூரத்து அலமாரிகள் அடுத்தடுத்து வந்து, அந்த நேரம் எல்லாப் பிக்கருக்கும் ஒரே மாதிரி நீண்டிருந்தால் வரிசை எண்ணில்தான் பிழை. ஐந்தாறு பொருள் உள்ள ஓர் ஆர்டரை எடுத்து, கிடங்கின் வரைபடத்தில் ஸ்கேன் நடந்த வரிசையிலேயே பென்சிலால் கோடு இழுத்துப் பார்த்தால் போதும். கோடு தன்னையே தாண்டும் இடங்களையும், ஒரே சந்துக்குள் இரண்டு முறை நுழையும் இடங்களையும் வட்டமிட்டு, அந்தத் தட்டுகளின் எண்களைத் திருத்தத் தொடங்கலாம்.