ஆக்சிஜனைக் கட்டிப்போடும் மாங்கனீசு

கெண்டை வளர்க்கும் குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று வளர்ப்பவருக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது. அந்த அளவைச் சொல்லும் முறை ஒன்றை 1888-ல் ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் வெளியிட்டார். இன்று குளத்துக்குள் விட்டதும் எண்ணைக் காட்டும் மீட்டர்கள் வந்துவிட்டன. ஆனால் அந்த மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் இன்றும் விங்க்லர் முறையைத்தான் நாடுகிறார்கள்.

கரைந்த ஆக்சிஜனை அளப்பதில் உள்ள சங்கடம், அது ஓரிடத்தில் நிற்காது என்பதுதான். தண்ணீரைக் கலக்கினால் காற்றிலிருந்து உள்ளே வரும். வெயிலில் வைத்தால் வெளியே போகும். பாட்டிலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் சுவாசித்தே தீர்த்துவிடும். அதனால் விங்க்லர் ஆக்சிஜனை நேரடியாக அளக்க முயலவில்லை. எடுத்த இடத்திலேயே, பாட்டிலுக்குள்ளேயே, அதைத் திடப்பொருளாக மாற்றிவிட்டார்.

இதற்கென்றே கண்ணாடி மூடி போட்ட 300 மி.லி. பாட்டில் இருக்கிறது. அதைக் குளத்தில் முக்கிக் குபுகுபுவென்று நிரப்பினால் வேலை அங்கேயே கெட்டுவிடும்; அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றும் காற்றிலிருந்து ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கும். மாதிரித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகப் பாட்டிலின் அடியில் விட்டு, மேலே வழிந்தோட விட வேண்டும். முதலில் வந்து காற்றைத் தொட்ட தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகு, குமிழி சிக்காமல் மூட வேண்டும்.

அடுத்து, குளக்கரையிலேயே இரண்டு கரைசல்களைச் சேர்க்கிறோம். முதலில் 2 மி.லி. மாங்கனீசு சல்பேட். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் அயோடைடு, சோடியம் அசைடு மூன்றும் கலந்த காரக் கரைசல் 2 மி.லி. இரண்டையும் பிப்பெட்டின் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விடுகிறோம். தண்ணீரைவிடக் கனமானவை என்பதால் இரண்டும் அடிக்கு இறங்கிவிடும். மூடும்போது மேலே இருக்கும் 4 மி.லி. தண்ணீர் மட்டும் வழிந்து போகும்.

பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினால் உள்ளே மேகம்போல் வீழ்படிவு கிளம்புகிறது. காரத்தில் மாங்கனீசு முதலில் வெண்மையான ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இந்த வெள்ளைப் பொருளுக்கு ஆக்சிஜன் மீது அடங்காத பசி. அருகில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையிலிருந்து நான்கை இழந்த நிலைக்கு மாங்கனீசு ஏறிவிடுகிறது. நிறம் பழுப்பாகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு மாங்கனீசு அணுக்கள் இப்படி மாறும். பழுப்பு எவ்வளவு அடர்த்தியோ, ஆக்சிஜன் அவ்வளவு இருந்தது என்று பொருள். வீழ்படிவு பாதி படிந்ததும் மறுபடி கலக்க வேண்டும். முதல் கலக்கலில் எங்காவது தப்பிய ஆக்சிஜனும் அப்போது அகப்பட்டுவிடும்.

பிடித்ததை இனி எண்ண வேண்டும். அதற்குத்தான் கந்தக அமிலம். அடர் அமிலம் 2 மி.லி. விட்டுக் கலக்கியதும் பழுப்புத் துகள்கள் கரைந்து, தண்ணீர் பொன்மஞ்சளாகத் தெளிகிறது. இந்த முறையின் சூட்சுமமே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன். காரத்தில் எலக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுத்த அதே மாங்கனீசு, அமிலத்தில் எலக்ட்ரானைப் பறிக்கும் பொருளாகிவிடுகிறது. கரைசலில் இத்தனை நேரம் சும்மா காத்திருந்த அயோடைடிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டு, தான் பழைய நிலைக்கு இறங்குகிறது. எலக்ட்ரானை இழந்த அயோடைடு அயோடினாகிறது. அந்தப் பொன்மஞ்சள் அயோடினின் நிறம்தான். இன்னொரு வசதியும் உண்டு: அமிலத்தில் மாங்கனீசைக் காற்றின் ஆக்சிஜனால் மாற்ற முடியாது. ஆகவே அமிலம் சேர்க்கும் வரை காற்றே படக்கூடாது. சேர்த்த பிறகு பாட்டிலைத் திறந்து குடுவையில் ஊற்றலாம். ஆனால் அயோடின் ஆவியாகிப் போகும் பொருள். வெயிலில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது.

குடுவைக்கு 203 மி.லி. எடுக்கிறோம். வழிந்து போன 4 மி.லி.க்கு ஈடு கட்டினால் அது 200 மி.லி. குளத்துத் தண்ணீருக்குச் சமம். பியூரெட்டிலிருந்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, அது அயோடினை மீண்டும் அயோடைடாக்குகிறது. மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் கரைசல் சேர்த்தால் அடர்நீலம் வரும். நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். ஸ்டார்ச்சை முன்கூட்டியே விட்டால் அது ஏராளமான அயோடினைப் பிடித்துவைத்துக்கொண்டு லேசில் விடாது. முடிவுப் புள்ளி தெளிவில்லாமல் போகும். இந்த அளவுகளில் கணக்கே தேவையில்லை: செலவான தயோசல்பேட் எத்தனை மி.லி.யோ, ஒரு லிட்டரில் அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன்.

அசைடு எதற்கு? மீன் குளத்தில் தின்னாமல் விட்ட தீவனமும் மீனின் கழிவும் அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகும். அமிலம் பட்டதும் இந்த நைட்ரைட்டும் அயோடைடிலிருந்து அயோடினைக் கிளப்பும். அதோடு தானும் நைட்ரிக் ஆக்சைடாகி, காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு திரும்பவும் நைட்ரைட்டாகி, அதே வேலையைத் தொடரும். மறைந்த நீலம் சில நொடிகளில் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தால் இதுதான் காரணம். இல்லாத ஆக்சிஜன் கணக்கில் ஏறுகிறது. காரத்தில் அமைதியாக இருக்கும் அசைடு, அமிலம் வந்ததும் நைட்ரைட்டைத் தாக்கி நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் விரட்டிவிடுகிறது. தீவனம் போடும் குளத்துக்கு அசைடு இல்லாத கரைசலைப் பயன்படுத்தவே கூடாது. அசைடு கொடிய விஷம்; பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் அதோடு விட்டுவிட வேண்டும்.

ஒரு குளத்தில் விடியுமுன் எடுத்த பாட்டிலுக்கு 2.4 மி.லி. தயோசல்பேட்டும், அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்ததற்கு 10.6 மி.லி.யும் செலவானதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். பிற்பகலில் அதையும் தாண்டியது பாசிகளின் ஒளிச்சேர்க்கையால். இரவில் அதே பாசிகளும் மீன்களும் சுவாசித்துத் தீர்த்ததால் காலையில் 2.4. கெண்டைக்கு 5-க்கு மேல் இருப்பது நல்லது. பிற்பகல் பாட்டிலை மட்டும் பார்த்தவர் குளம் செழிப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். முதல் இரண்டு கரைசல்களையும் கரையிலேயே சேர்க்கச் சொல்வதன் காரணமும் இதில் விளங்கும். அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், பிற்பகல் தண்ணீரிலிருந்து மிகை ஆக்சிஜன் குமிழியாகப் பிரியும். விடியற்காலைத் தண்ணீரில் மிச்சமிருப்பதையும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

எனவே மாதிரியைச் சூரியன் எழுமுன் எடுப்பதே பயன். மேல்மட்டத்தில் ஒன்று, தரையிலிருந்து ஓரடி மேலே ஒன்று. அடிமட்டப் பாட்டிலில் வீழ்படிவு பழுப்பேறாமல் வெள்ளையாகவே நின்றுவிட்டால் அங்கே ஆக்சிஜன் அறவே இல்லை. அமிலத்துக்கும் பியூரெட்டுக்கும் காத்திராமல் ஏரேட்டரைப் போட்டுவிடலாம்.