அப்பா பெயரிலேயே நிற்கும் வீட்டு வரி

அப்பா காலமாகிறார். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வாரிசுகள். வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு மூன்றும் அப்பா பெயரில். தமிழ்நாட்டில் இவற்றை எந்த வரிசையில் மாற்றுவது?

முதலில் இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் தரும் வாரிசு சான்றிதழும் வேண்டும். இரண்டிலும் அப்பாவின் பெயரும் இனிஷியலும் வீட்டுப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

அடுத்து, நிலுவையைக் கட்டிவிட்டு, சொத்து வரியை மாற்ற உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பாகம் பிரிக்காத வீடு என்றால் மூவர் பெயரையும் சேர்ப்பதே பாதுகாப்பு. ஒருவர் பெயரில் மட்டும் வேண்டுமென்றால் மற்றவர்களின் சம்மதக் கடிதம் தேவைப்படும்.

புதிய பெயரில் வரி ரசீது கைக்கு வந்துவிட்டால், அதையே ஆதாரமாகக் காட்டி மின் இணைப்பையும் குடிநீர் இணைப்பையும் மாற்றலாம். மின்வாரியத்தில் அப்பா கட்டிய வைப்புத்தொகையும் சேர்ந்து மாற, மற்ற வாரிசுகளின் ஒப்புதலைக் கொடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வரி ரசீதில் பெயர் ஏறியதால் மட்டும் வீடு ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. அண்ணன் பெயரில் ரசீது இருந்தாலும் தங்கையின் பங்கு அப்படியே இருக்கும். அந்தப் பங்கை மாற்றப் பதிவு செய்த பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ வேண்டும்.